பூப்பைத் தொடங்கும் ஹார்மோனே பூப்பை நிறுத்துமா?

கேள்வி: "என் மகளுக்கு 7 வயது 4 மாதம். மூன்று மாதமாக இடது மார்பில் காம்புக்குக் கீழே சின்னதாக ஒரு கட்டி. தொட்டால் வலிக்கிறது என்கிறாள். ஒரு வருடத்தில் 8 செ.மீ. வளர்ந்திருக்கிறாள், இப்போது 127 செ.மீ., 25 கிலோ. நான் 154 செ.மீ., அவள் அப்பா 168. கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது ஒன்பதரை. எல்.ஹெச். 0.2 என்று வந்தது, நார்மல் என்றார்கள். ஆனாலும் ஊசி போட்டு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் மாதம் ஒரு ஹார்மோன் ஊசி என்கிறார் டாக்டர். விசாரித்தால், பூப்பைத் தூண்டுகிற ஹார்மோன் வகைதான் அந்த ஊசியே என்கிறார்கள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போல இல்லையா?" - ஒரு தாய், ஈரோடு

பதில்:

உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்த ஹார்மோன் எவ்வளவு சுரக்கிறது என்பதைவிட, எப்படி விட்டு விட்டுச் சுரக்கிறது என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது.

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள ஓரிரண்டாயிரம் நரம்பணுக்கள் ஜி.என்.ஆர்.ஹெச். என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது குழாய்த் தண்ணீர் போல ஓடாது. ஒரு துடிப்பு, பிறகு இடைவெளி, மறுபடி ஒரு துடிப்பு என்று வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். அவை சினைப்பைக்குப் போய் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்க வைக்கும். ஜி.என்.ஆர்.ஹெச். ரத்தத்தில் சில நிமிடங்களே தங்குவதால், கையில் ரத்தம் எடுத்து அதை அளக்க முடியாது. அதன் நிழலாக எல்.ஹெச்.சைத்தான் அளக்கிறோம்.

இந்தத் துடிப்பு பிறந்த சில மாதங்களிலேயே ஒருமுறை வந்து போகிறது. பிறகு மூளை அதற்கு பிரேக் போட்டு வைக்கிறது. பல வருடம் கழித்து பிரேக் தளரும்போது, முதலில் இரவுத் தூக்கத்தில் மட்டும் துடிப்பு தொடங்கும். பகலுக்கு வர மாதக்கணக்காகும்.

சினைப்பையும் பிட்யூட்டரியும் முதிர்ந்தால்தான் பூப்பு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை என்று அமெரிக்க ஆய்வாளர் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் 1980-ல் காட்டினார்கள். பூப்படையாத குட்டிப் பெண் குரங்குகளுக்கு மணிக்கு ஒருமுறை சில நிமிடம் மட்டும் ஜி.என்.ஆர்.ஹெச். ஏற்றினார்கள். குட்டிகளுக்கு மாதவிடாய்ச் சுழற்சியே தொடங்கிவிட்டது. ஏற்றுவதை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பின. கருவிகள் எல்லாம் தயாராகத்தான் இருக்கின்றன, தாளம் தட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு நேரான விடை அதே குழு அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1978-ல், செய்த சோதனையில் இருக்கிறது. சொந்தமாக ஜி.என்.ஆர்.ஹெச். சுரக்காதபடி செய்த குரங்குகளுக்கு மணிக்கு 6 நிமிடம் வீதம் மருந்தை விட்டு விட்டு ஏற்றினால் எல்.ஹெச். நன்றாகச் சுரந்தது. அதே மருந்தை இடைவெளி இல்லாமல் தொடர்ந்து ஏற்றியதும் எல்.ஹெச். சரிந்து அடங்கியது. மறுபடி விட்டு விட்டு ஏற்ற, திரும்ப வந்தது. கதவைத் தட்டுகிறவர் இடைவெளி விட்டுத் தட்டினால் எழுந்து போய்த் திறப்போம், ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தால் காதைப் பொத்திக்கொள்வோம். பிட்யூட்டரி அணுக்களும் தங்கள் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொண்டு அப்படித்தான் செய்கின்றன. லியூப்ரோலைடு, ட்ரிப்டோரெலின் டெப்போ ஊசிகள் ஒரு மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ மெல்ல மெல்லக் கசிந்து, அந்த ஓயாத தட்டலை உண்டாக்குகின்றன. எண்ணெய் ஊற்றுகிறோம் என்பது முதல் ஒன்றிரண்டு வாரத்துக்கு உண்மைதான். பிட்யூட்டரி செவிடாகும் முன் ஒரு எழுச்சி வரும். முதல் ஊசிக்குப் பின் மார்பு சற்றுக் கனப்பதும், இரண்டு மூன்று வாரத்தில் சில பெண்களுக்கு ஒருமுறை ரத்தக் கசிவு வருவதும் இதனால்தான். முன்பே தெரியாவிட்டால் வீட்டில் "வயசுக்கு வந்துட்டா" என்று பந்தல் போட்டுவிடுவார்கள்.

இனி உங்கள் 0.2. காலை 11 மணிக்கு எடுத்த ரத்தமா, 7 மணிக்கு எடுத்ததா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். இரவில் மட்டும் துடிப்பு இருக்கும் கட்டத்தில், விடிந்து சில மணி நேரத்தில் எல்.ஹெச். குழந்தை அளவுக்கு இறங்கிவிடும். 0.3-க்கு மேல் இருந்தால் மூளை விழித்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். அதற்குக் கீழே இருந்தால் "இல்லை" என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஊசிப் பரிசோதனை. உடனே கரையும் லியூப்ரோலைடை ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வீதம் தோலுக்கடியில் போடுவோம். உங்கள் மகளுக்கு 500 மைக்ரோகிராம். பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குறித்த இடைவெளிகளில் ரத்தம் எடுப்போம். ஏற்கெனவே துடிப்புக்குப் பழகிய பிட்யூட்டரி உடனே சேமிப்பைக் கொட்டும், எல்.ஹெச். 5-ஐத் தாண்டும். தூங்கும் பிட்யூட்டரி லேசாகப் புரண்டு படுக்கும். எல்.ஹெச். எழாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் உயர்ந்திருந்தால், சினைப்பையில் நீர்க்கட்டி போன்ற ஒன்று தானாகவே சுரக்கிறது என்று பொருள். அந்தக் குழந்தைக்கு மாத ஊசி பயன்தராது. அதனால்தான் இப்படிச் சந்தேகம் இருக்கும்போது ஊசி போட்டுப் பார்க்காமல் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது உடல் மாறுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காம்புக்குக் கீழே பால்நாளங்கள் கிளைவிடத் தொடங்கும். பொதுவாக ஒரு பக்கம் முந்தும், மறுபக்கம் சில மாதம் கழித்து வரும், வலியும் இருக்கும். மகளை மல்லாக்கப் படுக்க வைத்து விரல் நுனிகளால் மெல்லத் தொடுங்கள். வெறும் கொழுப்பாக இருந்தால் பரவிப் போய்விடும், காம்புக்கு நேர் கீழே எதுவும் தட்டாது. மார்பு மொட்டாக இருந்தால் சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமாக, விளிம்போடு தட்டுப்படும். ஒற்றைப் பக்கக் கட்டி என்று பயந்து அதை அறுத்து எடுக்க யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்த மொட்டுதான் பிற்கால மார்பு, எடுத்தால் அந்தப் பக்கம் வளரவே வளராது.

பிறகு இடுப்பில் கொழுப்பு சேரும், கருப்பை நீளும். முதல் மாதவிடாய்க்குச் சில மாதம் முன்பே உள்ளாடையில் வெள்ளைக் கசிவு தெரியும். மொட்டு தெரிந்ததிலிருந்து மாதவிடாய் வர சாதாரணமாக இரண்டு, இரண்டரை வருடம் ஆகும். அக்குள் முடி, வியர்வை வாடை, முகப்பரு ஆகியவை இந்த வரிசையில் சேராது. பெண் குழந்தைகளில் இவற்றுக்கு முக்கியக் காரணம் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்கள். மார்பு வளராமல் அவை மட்டும் வந்தால் மூளையின் தாளம் தொடங்கியதாக அர்த்தமில்லை. ஆண் பிள்ளைகளுக்கு முதல் அடையாளம் மீசையோ குரலோ அல்ல, விந்தகம் 4 மி.லி. அளவுக்குப் பெரிதாவதுதான். அதைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது எலும்பு. ஈஸ்ட்ரோஜன் வளர்ச்சி ஹார்மோனைக் கூட்டுகிறது. அதனால்தான் வருடம் 5, 6 செ.மீ. வளர வேண்டியவள் 8 செ.மீ. வளர்ந்திருக்கிறாள். அதே ஈஸ்ட்ரோஜன்தான் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டை முதிரச் செய்து மூடுகிறது. இது ஆண்களுக்கும் பொருந்தும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்யாத ஓர் ஆணைப் பற்றி 1994-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 28 வயதில் 204 செ.மீ. உயரம், எலும்பு வயது 15, இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். ஆக வகுப்பிலேயே உயரமாக நிற்கும் உங்கள் மகள், மற்றவர்கள் வளரும்போது நின்றுவிடலாம். பெற்றோர் உயரத்தை வைத்துப் பார்த்தால் அவள் எட்ட வேண்டியது: 168-ஐயும் 154-ஐயும் கூட்டி, 13-ஐக் கழித்து, இரண்டால் வகுத்தால் 154.5 செ.மீ. எலும்பு வயதையும் இப்போதைய உயரத்தையும் வைத்து உங்கள் டாக்டர் கணிக்கும் உயரம் இதற்கு அருகில் வந்தால் அவசரம் குறைவு. பத்து செ.மீ. கீழே விழுந்தால் தாமதிக்க வேண்டாம்.

ஊசியால் உயரம் அதிகம் காப்பாற்றப்படுவது 6 வயதுக்கு முன் தொடங்கியவர்களுக்கு. 6-க்கும் 8-க்கும் இடையில் லாபம் ஆளுக்கு ஆள் மாறும். 8 வயதுக்குப் பிறகு தொடங்கிய பூப்புக்கு ஊசி பெரும்பாலும் வீண். மொட்டு அப்படியே நின்றுவிடும் குழந்தைகளும் உண்டு. எலும்பு வயது முந்தாமல் இருந்தால் மூன்று முதல் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கச் சொல்வேன். உங்கள் மகளுக்கு எலும்பு இரண்டு வருடம் முந்திவிட்டது, வளர்ச்சியும் வேகம். ஆகவே பரிசோதனையை இந்த மாதமே முடித்துவிடுங்கள்.

போகும்போது அவள் அப்பாவிடம் ஒன்று கேட்டுக்கொண்டு போங்கள்: அவருக்குக் குரல் உடைந்ததும் மீசை முளைத்ததும் எந்த வகுப்பில்? பூப்பு என்றதும் எல்லோரும் அம்மா வழியைத்தான் விசாரிக்கிறார்கள். ஆனால் அந்த பிரேக்கின் ஒரு பாகமான எம்.கே.ஆர்.என்.3 என்ற மரபணு, அப்பாவிடமிருந்து வந்த பிரதி மட்டுமே வேலை செய்யும் வகை. அதில் குறை இருந்தால் பிள்ளைக்கு முன்கூட்டியே பூப்பு வரும். பிராய்லர் கோழியைப் பற்றி யாராவது சொல்வார்கள். கோழி சீக்கிரம் வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும், ஹார்மோன் ஊசியால் அல்ல. உடல் எடைக்குப் பங்கு உண்டு, ஆனால் 127 செ.மீ. உயரத்துக்கு 25 கிலோ அதிகம் இல்லை.

ஊசி தொடங்கினால் மாத ஊசியை 28 நாளுக்கு ஒருமுறை தேதி தவறாமல் போடுங்கள். ஊர்த் திருவிழா என்று இரண்டு வாரம் தள்ளினால் மருந்தளவு இறங்கி தாளம் மறுபடி தொடங்கிவிடும். மூன்றாவது மாதம் மொட்டு மிருதுவாகிச் சுருங்கத் தொடங்க வேண்டும், உயரம் வருடம் 5, 6 செ.மீ. வேகத்துக்கு இறங்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் ஊசி போட்ட பிறகு எல்.ஹெச். அளந்து பாருங்கள். 11 வயது வாக்கில் நிறுத்தினால், ஒன்று ஒன்றரை வருடத்தில் மாதவிடாய் தானே வரும்.

இதற்கிடையே காலையில் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல், அடிக்கடி தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் போவது ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் போய் மூளை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள்.