பின்னட்டையில் எதைச் சொல்வது?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் புதிய நாவலின் அறிவிப்பு வாசித்தேன். ஆறே வரி. கதை ஒன்றும் பிடிபடவில்லை, ஆனால் புத்தகம் எப்போது வரும் என்று இருக்கிறது. நானும் ஒரு குறுநாவல் எழுதி முடித்திருக்கிறேன். அம்பையில் ஓர் அரிசி ஆலை, காணாமல் போன கணக்கு நோட்டு, அதுதான் கதை. பின்னட்டைக்கு நான் எழுதியதை இணைத்திருக்கிறேன். வாசித்த என் வீட்டுக்காரர், "இனி புத்தகத்தை எதுக்கு வாங்கணும்?" என்கிறார். எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அந்த ஆறு வரிக்கு எனக்குப் பதினோரு நாள் ஆனது. நாவலின் கடைசி அத்தியாயம்கூட அவ்வளவு படுத்தவில்லை.

பத்தமடைப் பாயில் மணமக்கள் பெயரை நெய்வார்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கோரை குறுக்காக ஓடுகிறது. அதனால் பெயர் எழுத்தெழுத்தாக வராது. எல்லா எழுத்துக்கும் அடிப்பகுதி முதலில் வரும், அப்புறம் இடுப்பு, அப்புறம் தலை. மெய்யெழுத்தின் புள்ளி எல்லாவற்றுக்கும் பிறகு. பாதியில் நிறுத்தினால் அங்கே கிடப்பது பெயர் அல்ல, பெயரின் கால்கள்.

என் நாவல் அப்படி நின்றுபோன ஒரு கல்யாணப் பாயில் தொடங்குகிறது. ஒரு தலைப்பில் பெண்ணின் பெயர் முழுசாக இருக்கிறது. மறு தலைப்பில் மாப்பிள்ளை பெயர் அரை எழுத்தோடு நிற்கிறது. நாற்பது வருஷம் கழித்துப் பரணிலிருந்து அதை இறக்கிப் பிரிக்கும்போது, மூன்று பேர் மூன்று பெயர் வாசிக்கிறார்கள்.

இவ்வளவும் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும். என் கணக்கு இதுதான்: புத்தகத்தின் முதல் கால்பங்கில் வாசகருக்குத் தெரிந்துவிடுவதை வெளியே சொல்லலாம், அதற்கு அப்பால் உள்ளது புத்தகத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

நான் முதலில் எழுதியது மூன்று பத்தி. பரண், பாய், பெயர் என்று ஒழுங்காகப் போய், நான்காவது வரி "பிறகுதான் தெரிந்தது" என்று ஆரம்பித்தது. அந்த வரியை இங்கே தர முடியாது, தந்தால் நாவல் போச்சு. ஆனால் அதிலிருந்து ஒன்று கற்றேன். பின்னட்டையில் "பிறகுதான்", "உண்மையில்", "கடைசியில்" என்ற சொற்கள் வந்தால் அந்த இடத்தில் கதை ஒழுகுகிறது.

பயந்துபோய் எல்லாவற்றையும் மூடினேன். "ஒரு பாய். ஒரு ரகசியம். எதிர்பாராத திருப்பம்." இது அதைவிட மோசம். திருப்பம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் வாசகர் இரண்டாம் பக்கத்திலிருந்தே அதைத் தேட ஆரம்பித்துவிடுவார். ரகசியம் என்ற சொல் எந்தப் புத்தகத்துக்கும் ஒட்டும். அரை எழுத்து இந்தப் புத்தகத்துக்கு மட்டும்தான் ஒட்டும்.

மூன்றாவது வடிவத்தை மதினியிடம் கொடுத்தேன். நாவலை அவள் வாசித்திருக்கவில்லை. "மேல என்ன நடக்கும்னு நெனைக்க?" என்று மட்டும் கேட்டேன். டக்கென்று சரியாகச் சொல்லிவிட்டாள். எப்படி என்றால், "பெண்ணின் தங்கை" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். சும்மா வந்த ஆளை யாராவது பின்னட்டையில் எழுதுவார்களா என்றாள். தங்கையை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தபோது இரண்டு தப்பான ஊகம் சொல்லிவிட்டு, "எப்ப தருவீய?" என்றாள். அதுதான் நீங்கள் வாசித்த ஆறு வரி.

பின்னட்டையை இப்படிக் காப்பாற்றினாலும் வெளியீட்டு விழா மேடை என்று ஒன்று இருக்கிறது. என் முந்தைய புத்தகத்துக்குப் பாளையங்கோட்டையில் கூட்டம். வாழ்த்த வந்த ஒருவர், பிரியத்தில்தான், பத்து நிமிஷத்தில் முடிவு வரை சொல்லி உட்கார்ந்தார். முன்வரிசையில் ஒருவர் கையில் எடுத்த பிரதியைத் திரும்ப மேஜையில் வைத்ததை நான் பார்த்தேன். நம்மூரில் கதை சொல்லாமல் புத்தகம் பேசுவது ஒரு மரியாதைக் குறைவு மாதிரி ஆகிவிட்டது! இந்த முறை பேசுகிறவர்களுக்குப் பிரதி அனுப்பும்போதே ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு சீட்டு வைத்து, மேடையில் இதைத் தாண்ட வேண்டாம் என்று எழுதப் போகிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி உங்கள் பின்னட்டை. தவிட்டு மணமும், நோட்டு வைத்திருந்த மாடத்தில் தூசி படியாத நீளச் சதுரமும் அருமை. அந்தச் சதுரத்தோடு நிறுத்துங்கள். அடுத்த வரியில் "எடுத்தவர் வெளியாள் அல்ல" என்கிறீர்கள். ஆலையில் இருப்பதே நான்கு பேர் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டீர்கள், அதில் ஒருவர் ஊரிலேயே இல்லை. உங்கள் வீட்டுக்காரர் மிச்ச மூன்று பேரில் கண்டுபிடித்துவிட்டார், அவ்வளவுதான்.