மணலில் பதியும் தடத்தை நம்பாதீர்கள்: பிள்ளைகளின் பாதமும் முதுகும், கேள்வி பதில்

நான் பிசியோதெரபிஸ்ட். ராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளில் பிள்ளைகளின் காலையும் முதுகையும் பார்த்துச் சொல்லும் வேலையைப் பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அம்மா: அக்கா, என் மகனுக்கு நாலு வயசு. கடற்கரையில் நடந்தால் பாதம் முழுசா பதியுது, நடுவுல வளைவே இல்ல. ஷூ வாங்கணுமா?

வாங்க வேண்டாம்மா. முதலில், மணல் தடத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஈர மணல் அமுங்கி மேலே எழும்பி வளைவு இருக்கும் இடத்தையும் நிரப்பிவிடும். என் பாதத்துக்கு நல்ல வளைவு உண்டு, பாம்பன் கரையில் நடந்தால் என் தடமும் தட்டையாகத்தான் விழும். காலை நனைத்து சிமெண்டுத் தரையில் வைக்கச் சொல்லிப் பாருங்கள், அது கொஞ்சம் உண்மை பேசும்.

நாலு வயதில் சிமெண்டிலும் தட்டையாகத்தான் விழும். அந்த வயதில் உள்ளங்காலில் கொழுப்பு இருக்கும், மூட்டைப் பிடித்திருக்கும் நார்களும் தளர்வாக இருக்கும். வளைவு மெதுவாக, பத்து வயது வரைக்கும்கூட உருவாகிக்கொண்டிருக்கும். மகனைப் பெஞ்சில் உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடச் சொல்லுங்கள். தொங்கும்போது வளைவு தெரிந்து, நின்றால் மறைந்தால் அது வளைந்து கொடுக்கிற பாதம். வலி இல்லை, ஓடியாடுகிறான் என்றால் விட்டுவிடுங்கள்.

தேவிபட்டினம் பக்கம் ஒரு உடற்கல்வி ஆசிரியர்: மேடம், ஆறாவது முதல் எட்டாவது வரை 140 பிள்ளைங்க. யாரை டாக்டர்கிட்ட அனுப்புறதுன்னு ஒரு பி.இ. பீரியடுல எப்படிப் பார்க்குறது?

ஒரு பீரியடில் எல்லாரையும் பார்க்காதீர்கள் சார், முப்பது பேர் போதும். பாதத்துக்கு ஒரே சோதனை. சுவரைப் பார்த்து நிற்க வைத்து, விரல் நுனி மட்டும் சுவரில் படட்டும். கெண்டைக்கால் தெரிய உடையை மடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் குத்தவைத்து உட்காருங்கள். குதிகால் உங்கள் கண் மட்டத்துக்கு வர வேண்டும். நின்றுகொண்டு குனிந்து பார்த்தால் பாதி தெரியாது.

தட்டைப் பாதத்தில் குதிகால் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். இப்போது நுனிக்காலில் எழும்பச் சொல்லுங்கள். குதிகால் உள்பக்கம் திரும்பி, வளைவு எழுந்து வந்தால் அந்தப் பிள்ளையை அனுப்ப வேண்டாம். குதிகால் வெளிச்சாய்விலேயே நின்றுவிட்டால், இரண்டு காலும் வேறு வேறு மாதிரி எழும்பினால், நுனிக்காலில் நிற்கவே முடியாவிட்டால் அனுப்புங்கள். அடிக்கடி கால் பிசகுகிறவனையும், ஒரு கால் மட்டும் தட்டையாக இருப்பவனையும் சோதனை சரியாக வந்தாலும் அனுப்புங்கள்.

அப்புறம், குத்தவைத்து உட்காரச் சொல்லிப் பாருங்கள். குதிகால் தரையில் படாமல் தூக்கி நின்றால் குதிகால் நார் இறுக்கம் என்று சந்தேகப்படலாம். ஆனால் நன்றாகக் குத்தவைத்துவிட்டான் என்பதால் இறுக்கமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். முட்டி மடங்கினால் கெண்டைத் தசை தளர்ந்துவிடும். முட்டியை நீட்டி வைத்துப் பாதத்தை மேலே தள்ளிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. அதிலும் தட்டைப் பாதம் நடுவில் மடங்கி ஏமாற்றும். அதனால் பாதத்தைச் சற்று உள்ளே திருப்பிப் பிடித்துக்கொண்டு தள்ள வேண்டும். இதை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

கீழக்கரையிலிருந்து ஒருவர்: நுனிக்காலில் நிக்கிறதுல அப்படி என்ன கண்டுபிடிச்சிடுவீங்க? உண்மையா யாருக்காவது உதவியிருக்கா?

உதவியிருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டதால் நான் தவறவிட்டதும் இருக்கிறது. பாம்பன் பக்கம் ஒரு பையன், அப்பாவுக்குப் படகு. பத்து வயதில் ஒரு முகாமில் அவன் கால்தடத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இரண்டும் தட்டை, இயல்பு" என்று நானே எழுதினேன். அன்று வரிசை நீளம், நுனிக்காலில் நிற்கச் சொல்லவில்லை.

பன்னிரண்டு வயதில் திரும்ப வந்தான். ஆறு மாதத்தில் வலது கணுக்கால் மூன்று முறை பிசகியிருந்தது. படகிலிருந்து குதிப்பதால் என்றார் அப்பா. ஒவ்வொரு முறையும் எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். இந்த முறை எழும்பச் சொன்னேன். இடது குதிகால் உள்ளே திரும்பியது, வளைவு வந்தது. வலது குதிகால் அசையவில்லை. உட்கார வைத்துக் குதிகாலைக் கையில் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டினேன். இடது சுலபமாக ஆடியது, வலது மரக்கட்டை மாதிரி இருந்தது. கணுக்காலின் வெளிப்பக்க நார்கள் கயிறு போல விறைத்திருந்தன.

எலும்பு மருத்துவரிடம் அனுப்பினோம். நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சாய்வாக எடுத்த படத்தில் குதிகால் எலும்புக்கும் அதற்கு முன்னால் இருக்கும் படகு வடிவ எலும்புக்கும் நடுவே ஒரு பாலம் தெரிந்தது. பிறவியிலேயே இருப்பதுதான். சின்ன வயதில் குருத்தெலும்பாக இருந்து, எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் கெட்டிப்படும்போது பாதம் விறைக்கும். பாதம் சாய்ந்து கொடுக்க முடியாததால் கணுக்கால் பிசகும். சில வாரம் மாவுக்கட்டு, பிறகு பயிற்சி என்று போய் வலி அடங்கியது. திரும்ப வந்தால் பாலத்தை வெட்டி எடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்த முடிவை இன்னும் எடுக்கவில்லை.

பரமக்குடியிலிருந்து ஒரு அண்ணன் (பதில் சொல்லவே வந்தார்): எல்லாருக்கும் வளைவு வெச்ச இன்சோல் போட்டா எலும்பு சரியாயிடும். என் பையனுக்கு ஆறு வயசுல போட்டோம், ஒன்பதுல சரியாயிடுச்சு.

அண்ணே, ஆறிலிருந்து ஒன்பதுக்குள் போடாத பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் வளைவு வந்துவிடும். 1989-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் வளைந்து கொடுக்கிற தட்டைப் பாதக் குழந்தைகளுக்கு மூன்று வருடம் விசேஷ ஷூவும் இன்சோலும் கொடுத்துப் பார்த்தார்கள். எதுவும் கொடுக்காத குழந்தைகளைவிட வளைவு கூடவில்லை. ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு பாதி சரி. நடந்தால் கால் வலிக்கிறது, சீக்கிரம் சோர்கிறது என்கிற பிள்ளைக்கு இன்சோல் வலியைக் குறைக்கும். வலிக்காகப் போடலாம், வளைவை வரவைக்க என்று காசைக் கொட்ட வேண்டாம்.

தொண்டியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: அந்தக் காலத்தில் செருப்பே இல்லை, யாருக்கும் தட்டைக் கால் இல்லை. வெறுங்காலோடு விட்டால் போதும் அல்லவா?

ஐயா, 1992-ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் 2300 பிள்ளைகளின் கால்தடத்தைப் பார்த்தார்கள். காலணி போடுபவர்களிடம்தான் தட்டைப் பாதம் அதிகம் இருந்தது, அதிலும் முன்பக்கம் மூடிய ஷூ போடுபவர்களிடம். ஆகவே உங்கள் கண் பொய் சொல்லவில்லை. ஆனால் வெறுங்கால் விட்டால் விறைத்த பாதம் இளகாது. நம் ஊர்ச் சீமைக்கருவேல முள்ளும் சித்திரை வெயில் மணலும் உங்களுக்குத் தெரியாததல்ல. வீட்டிலும் முற்றத்திலும் வெறுங்கால் நல்லதுதான்.

உச்சிப்புளியிலிருந்து ஒரு அப்பா: பையன் பிளஸ் ஒன். கடற்படைதான் கனவு. தட்டைக் கால்னு தள்ளிடுவாங்களா?

இதே நுனிக்கால் சோதனைதான் அங்கும். படைகளின் மருத்துவத் தேர்வில், நுனிக்காலில் நிற்கும்போது வளைவு திரும்ப வந்து, பாதம் வளைந்து கொடுத்து, வலியில்லாமல் ஓடவும் குதிக்கவும் முடிந்தால் ஏற்றுக்கொள்ள இடம் உண்டு. விறைத்த பாதமும் வலியும்தான் தடை. கடைசி முடிவு அந்த மருத்துவர்கள் கையில். இப்போதே ஒரு முறை காட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்திலிருந்து ஒரு அம்மா: என் மக பன்னெண்டு வயசு. ஒரு தோள் இறங்கியிருக்கு. பை ஒரே தோள்ல மாட்டுறதாலதானே?

பை கனத்தால் முதுகு வலிக்கும், ஆனால் முதுகெலும்பு அதனால் பக்கவாட்டில் வளைவதில்லை. நிற்கும்போது தோளைப் பார்த்துச் சொல்வது அரைகுறைதான். குனிய வைத்துப் பாருங்கள். கால் இரண்டும் சேர்த்து, முட்டி மடக்காமல், உள்ளங்கைகளைக் கூப்பித் தொங்கவிட்டு மெதுவாகக் குனியட்டும். பின்னால் இருந்து முதுகுப் பரப்பை ஒரு மேசை போலப் பாருங்கள். ஒரு பக்க விலா மேடாக எழுந்தால் முதுகெலும்பு திருகுகிறது. நாங்கள் ஒரு சாய்வுமானியை வைத்து அளப்போம், 7 டிகிரிக்கு மேல் என்றால் மருத்துவரிடம் அனுப்புவோம்.

மேடு தெரிந்தால் ஒரு வேலை. ஸ்டூலில் உட்கார வைத்துக் குனியச் சொல்லுங்கள். உட்கார்ந்தால் மேடு போய்விட்டால் ஒரு கால் குட்டையாக இருக்கலாம். போகாவிட்டால் முதுகில்தான் விஷயம். வளர்ச்சி வேகமாக இருக்கும் வயது இது, இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். இன்னும் வயதுக்கு வராத பிள்ளை என்றால் வளைவு கூட வாய்ப்பு அதிகம்.

எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிள்ளையையும் இப்படிச் சோதிக்க வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. தேவையில்லாத எக்ஸ்ரே நிறைய எடுக்கிறார்கள் என்பது ஒரு கட்சி. நான் பார்க்கலாம் என்கிற கட்சி. பெண் பிள்ளைகளைப் பெண் ஆசிரியைதான் பார்க்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ராமேசுவரத்திலிருந்து ஒரு பாட்டி: கூன் போட்டு போன் பாக்குறான் பேரன். அதுவும் டாக்டர்கிட்டயா?

குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கச் சொல்லுங்கள் பாட்டி. கூன் நேராகிவிட்டால் பழக்கம்தான், நீங்கள் திட்டினால் போதும். நேராகாமல் விறைத்திருந்தால் காட்டுங்கள். முதுகெலும்பில் ஒரே இடத்தில் முண்டு துருத்திக்கொண்டு, காய்ச்சல், எடை குறைவு, இரவில் வலி என்று சேர்ந்தால் அது வேறு. முதுகெலும்புக் காசநோய் அப்படி வரும். கால் பலம் இழந்தாலும், சிறுநீர் கட்டுப்பாடு போனாலும் அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

பெயர் சொல்லாதவர்: என் மாமியாருக்கு சுகர். ஒரு பாதம் வீங்கி திடீர்னு தட்டையாயிடுச்சு. இதே சோதனை செய்யலாமா?

வேண்டாம். இது பிள்ளைகளுக்கான பேச்சு. சர்க்கரை உள்ளவருக்கு ஒரு பாதம் வீங்கிச் சூடாகித் தட்டையானால், வலி இல்லாவிட்டாலும் எலும்பு உடைந்துகொண்டிருக்கலாம். அந்தக் காலை ஊன்ற விடாமல் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேவிபட்டினம் ஆசிரியர், மறுபடியும்: மேடம், முப்பது பேர் பார்த்தாச்சு. மூணு பேர்ல சந்தேகம். ஒருத்திக்கு ரெண்டும் தட்டை, எழும்பினா சரியாகுது, ஆனா ஓடினா வலிங்கிறா. ஒருத்தன் இடது மட்டும் எழும்பல. இன்னொருத்தன் நடக்குறப்பவே குதிகால் படல.

இரண்டாமவனையும் மூன்றாமவனையும் இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். மூன்றாமவனுடைய அம்மாவிடம், எந்த வயதில் நடந்தான், முன்பு குதிகால் ஊன்றி நடந்தானா என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். நன்றாக நடந்தவன் புதிதாக இப்படி நடக்கத் தொடங்கியிருந்தால் நரம்பையும் பார்ப்பார்கள். பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் பெயரைக் கொடுத்தால் அவர்களே சீட்டு எழுதுவார்கள்.

முதல் பெண்ணைப் பற்றி எனக்கு முடிவாகச் சொல்லத் தெரியவில்லை. வலி எந்த இடத்தில், எவ்வளவு தூரம் ஓடினால், இரவிலும் உண்டா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். ஷூவின் அடியையும் படம் எடுத்து அனுப்புங்கள்.