வண்டிச் சத்தமும் படபடப்பும்: கல்யாணமான சில வருஷங்களில் உணர்வு ஏன் மங்குகிறது?

கேள்வி: கல்யாணமாகி நாலு வருஷம். பெரிய சண்டை எதுவும் இல்லை, நல்ல மனுஷர்தான். ஆனால் முதல் வருஷம் அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே வந்த படபடப்பு இப்போது இல்லை. காதல் தீர்ந்துவிட்டதா, எல்லோருக்கும் இப்படித்தானா? ஏதாவது செய்ய முடியுமா?

பதில்:

பெரும்பாலும் இப்படித்தான். நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரமாகவே நடந்துவிடும். ஜெர்மனியில் 1984 முதல் அதே குடும்பங்களிடம் ஆண்டுதோறும் போய் ‘வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது?’ என்று கேட்டுவரும் ஒரு பெரிய கணக்கெடுப்பு இருக்கிறது. ரிச்சர்ட் லூகாஸ் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் அதில் 15 ஆண்டு விவரங்களை எடுத்து ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். கல்யாணத்தை ஒட்டித் திருப்தி சற்றே ஏறுகிறது, சராசரியாக ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் பழைய மட்டத்துக்கே திரும்பிவிடுகிறது. ஒன்றைக் கவனியுங்கள், அங்கே அளந்தது வாழ்க்கைத் திருப்தியை, துணைமீதுள்ள அன்பை அல்ல. தவிர இது சராசரிதான். பல வருஷம் கழித்தும் ஏறிய இடத்திலேயே நின்றவர்களும் உண்டு, தொடங்கிய இடத்துக்கும் கீழே போனவர்களும் உண்டு.

‘பழகப் பழகப் பாலும் புளிக்கும்’ என்பார்கள். ஏன் புளிக்கிறது என்பதற்கு உங்கள் வண்டிச் சத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம். முதல் வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியாது. என்ன மனநிலையில் வருகிறார், கையில் என்ன இருக்கும், முதலில் என்ன சொல்வார், எல்லாமே கேள்வி. இன்று தெரியும்: ஏழு மணி வாக்கில் கேட் திறக்கும், ஹெல்மெட் ஃபிரிட்ஜ் மேல் போகும், ‘காபி இருக்கா?’ என்பார். மனம் மாற்றத்தைத்தான் பதிவு செய்யும், நிலையாக இருப்பதை அல்ல. மின்விசிறிச் சத்தம் நின்றால்தானே அது ஓடிக்கொண்டிருந்தது தெரிகிறது?

இதை நெருக்கமான உறவுகளுக்குப் பொருத்திக் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் எலன் பெர்ஷைட். இரண்டு பேரின் அன்றாடம் ஒன்றோடொன்று கோத்த சங்கிலி போல ஓடுகிறது, எதிர்பார்த்த கண்ணி தடைபடும்போதுதான் உணர்ச்சி பொங்குகிறது என்பது அவர் வாதம். அப்படியானால் எவ்வளவு நன்றாக ஒத்துப்போகிறீர்களோ அவ்வளவு குறைவாகத்தான் எதையும் உணர்வீர்கள். இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. நல்லவை எல்லாம் எதிர்பார்த்தபடியே நடப்பதால் கண்ணில் படுவதில்லை. சங்கிலியை அறுப்பது கேஸ் புக் பண்ண மறந்ததும், சொல்லாமல் லேட்டாக வந்ததும்தான். ஆகவே நாலாவது வருஷத்தில் மிஞ்சியிருக்கும் உணர்ச்சி பெரும்பாலும் எரிச்சலாகவே இருக்கும். அன்பு குறைந்ததால்தான் எரிச்சல் என்று அதைத் தப்பாகப் படித்துவிடுகிறோம்.

காதல் தீர்ந்ததா, அடியில் ஓடுகிறதா என்று பார்க்கப் பிரிவு ஒரு நல்ல சோதனை. ஒருவர் நாலைந்து நாள் வெளியூர் போகட்டும். தேடுவது அவர் செய்துவந்த வேலையையா, அவரையா என்று பிரித்துப் பாருங்கள். குழந்தையைப் பள்ளியில் விட ஆளில்லையே என்பது வேறு, ஒரு சிரிப்பு வந்ததும் அதைச் சொல்ல அவரைத் தேடுவது வேறு. இரண்டாவது இருந்தால் மங்கியது உணர்வு மட்டுமே. (புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைக்கும் வழக்கத்துக்குச் சொல்லும் காரணம் சித்திரை வெயிலில் பிரசவம் ஆகக் கூடாது என்பது. ஆனால் பழக்கத்தை நடுவில் அறுத்துவிடும் வேலையையும் அது செய்துவிடுகிறது.)

சரி, என்ன செய்யலாம்? இங்கே ‘சந்தோஷமாக நேரம் செலவிடுங்கள்’ என்ற வழக்கமான ஆலோசனை பாதிதான் சரி. 1993இல் உளவியலாளர் ஆர்தர் ஏரனும் உடன் ஆய்வாளர்களும் 53 தம்பதியரை வைத்து 10 வாரம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒன்றரை மணி நேரம் இதமான வேலைகள், இன்னொரு குழுவுக்கு அதே அளவு நேரம் கிளர்ச்சி தரும் வேலைகள், மூன்றாவது குழுவுக்கு எதுவுமில்லை. உறவுத் திருப்தி கூடுதலாக உயர்ந்தது கிளர்ச்சிக் குழுவில். இதமான நேரம் போதவில்லை. 2000இல் அதே ஏரன் குழு இதை ஆய்வுக்கூடத்தில் 7 நிமிடத்துக்குச் சுருக்கியது: கணவன் மனைவி இருவரின் மணிக்கட்டையும் கணுக்காலையும் சேர்த்துக் கட்டி, மெத்தை விரிப்பில் தவழவிட்டு, கையால் தொடாமல் ஒரு தலையணையை நடுவில் வைத்துக் கொண்டுபோகச் சொன்னார்கள். கேலிக்கூத்துதான். ஆனாலும் சாதாரண வேலை கொடுக்கப்பட்டவர்களைவிட இவர்கள் தங்கள் உறவைப் பற்றி நன்றாகச் சொன்னார்கள்.

வீட்டில் இதை எப்படிச் செய்வது? இருவரும் வேலைக்குப் போகும், மூன்று வயதுக் குழந்தை உள்ள ஒரு தம்பதியை வைத்துப் பார்ப்போம். தனித்தனியாக உட்கார்ந்து ஆளுக்கு 20 வேலைகள் எழுதட்டும். மற்றவர் பட்டியலைப் பார்க்காமல் நாற்பதுக்கும் ஒவ்வொருவரும் இரண்டு மதிப்பெண் போடட்டும்: எவ்வளவு புதுசு, எவ்வளவு ஆசை. இரண்டிலும் இருவரும் அதிகம் போட்டவற்றை மட்டும் எடுத்தால் ஏழெட்டு தேறும். நீச்சல் கற்பது, தெரியாத ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போவது, இருவருக்குமே வராத ஒரு பதார்த்தத்தைச் செய்து பார்ப்பது என்று இருக்கலாம். வாரம் ஒன்றரை மணி நேரம், குழந்தை பாட்டியிடம். ஒருவர் தேர்ந்தவராகவும் மற்றவர் கத்துக்குட்டியாகவும் இருக்கும் வேலை வேண்டாம், அது பாடம் நடத்துவதாக முடியும். இருவரும் சேர்ந்து தடுமாறுவதுதான் இங்கே மருந்து.

பெரும்பாலும் சறுக்குவது மூன்றாவது வாரத்தில். ஒன்று பிடித்துவிட்டது என்று அதையே வழக்கமாக்கிவிடுவார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே ஹோட்டல், அதே மேசை, அதே பட்டர் நான் என்றானால் அதுவும் மின்விசிறிச் சத்தம்தான். நேரத்தை நிலையாக வையுங்கள், உள்ளடக்கத்தை மாற்றுங்கள். அந்த ஒன்றரை மணியில் ஈ.எம்.ஐ., பள்ளிக் கட்டணப் பேச்சு நுழைந்தாலும் கெட்டுவிடும், அவை சங்கிலியின் பழைய கண்ணிகள்.

செலவே இல்லாத இன்னொரு வழியும் உண்டு. 2008இல் வெளியான ஓர் ஆய்வில் சிலரிடம் துணையை எப்படிச் சந்தித்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள், சிலரிடம் சந்திக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதச் சொன்னார்கள். எழுதிய பிறகு உறவில் அதிகத் திருப்தி சொன்னவர்கள் இரண்டாவது வகையினர். கதையை ஆயிரம் முறை சொல்லிப் பழகிவிட்டோம், அது நடக்காமல் போயிருக்கலாம் என்பது மட்டும் பழகவில்லை. அந்த ஜாதகம் வேறு வீட்டுக்குப் போயிருந்தால், அந்த வேலைக்கு அவர் சேராமல் இருந்திருந்தால் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். தினமும் வேண்டாம், இதுவும் பழகிவிடும்.

இவை எதுவும் உதவாத இடமும் உண்டு. மங்கல் அவர்மீது மட்டுமல்லாமல் சாப்பாடு, நண்பர்கள், பிடித்த பாட்டு என எல்லாவற்றிலும் பரவியிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். அவர் ஊரில் இல்லாதபோது நிம்மதியாக மூச்சுவிட முடிகிறது என்றால் அங்கே இருப்பது சலிப்பு அல்ல, சொல்லாமல் வைத்திருக்கும் மனக்குறை. அதற்கு நீச்சல் வகுப்பு பதிலாகாது, அதைப் பேசித்தான் ஆக வேண்டும்.