ஷார்ஜாவிலிருந்து திரும்பும் அப்பாவுக்கு: மாடி கட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

வணக்கம் ஐயா. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், கல்லூரியில் எப்படிச் சேர்க்கலாம் என்றுதான் கேட்டிருந்தீர்கள். ஆனால் கடிதத்தில் முக்கால்வாசி, 17 வருட ஷார்ஜா ஏ.சி. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா, கையில் இருப்பதை வைத்து வாடகைக்கு மாடி கட்டலாமா என்பதைப் பற்றித்தான் இருக்கிறது. சரி, அங்கிருந்தே ஆரம்பிப்போம். படிப்புக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் கையில் எவ்வளவு வரும் என்று பார்ப்போம். கிராஜுவிட்டியாக 18 லட்சம் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தச் சம்பளமான 5,000 திர்ஹத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அமீரகச் சட்டப்படி அது பேசிக் சம்பளத்துக்கு மட்டும்தான். உங்கள் பேசிக் 3,000, அதாவது ஒரு நாளுக்கு 100 திர்ஹம். முதல் ஐந்து வருடங்களுக்கு ஆண்டுக்கு 21 நாள் வீதம் 10,500. மீதி 12 வருடங்களுக்கு ஆண்டுக்கு 30 நாள் வீதம் 36,000. ஆக 46,500 திர்ஹம். திர்ஹத்துக்கு 24 ரூபாய் என்று வைத்தால் சுமார் 11 லட்சம். சம்பளமில்லாத விடுப்பில் ஊருக்கு வந்திருந்த நாட்கள் கணக்கில் வராது என்பதால் இன்னும் கொஞ்சம் குறையலாம். வேலை முடிந்த 14 நாளுக்குள் கம்பெனி இதைக் கொடுத்துவிட வேண்டும். பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு விமானம் ஏறுங்கள். ஊரிலிருந்து போனில் துரத்துவது பெரும்பாடு.

என்.ஆர்.இ. வைப்பில் 24 லட்சம், இது ஒரு 11. மொத்தம் 35 லட்சம்.

இதில் 20 லட்சத்தைப் போட்டு மாடி கட்டினால் 7,000 ரூபாய் வாடகை வரும் என்கிறீர்கள். வருடத்துக்கு 84,000, அதாவது நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். ஆள் மாறும் மாதங்களும் வெள்ளையடிப்பும் இதில் சேரவில்லை. அஞ்சலகத்தில் மாத வருமானத் திட்டம் என்று ஒன்று உண்டு. நீங்களும் உங்கள் மனைவியும் கூட்டாக 15 லட்சம் வரை போடலாம். 7.4 சதவீத வட்டியில் மாதம் 9,250 ரூபாய் வரும். கணக்குத் தொடங்கும் அன்றுள்ள வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது. முதல் வருடம் பணத்தை எடுக்க முடியாது. அப்புறம் அவசரமென்றால் மூன்று வருடம் வரை இரண்டு சதவீதமும், அதற்குமேல் ஒரு சதவீதமும் பிடித்துக்கொண்டு அசலைத் தருவார்கள். மாடியிலிருந்து ஒரு செமஸ்டர் கட்டணத்தை மட்டும் பெயர்த்து எடுக்க முடியாது. ஊருக்குத் திரும்பியவர்கள் முதல் வருடத்திலேயே கட்டடத்தில் இறங்கிவிட்டு, மூன்றாம் வருடம் நகையை அடகு வைப்பதை நான் நிறையப் பார்க்கிறேன்.

வரவைச் சொன்னோம், செலவு? மாதம் 35,000 அனுப்புகிறேன், அதுதான் செலவு என்கிறீர்கள். அது நீங்கள் வீட்டில் இல்லாத செலவு. உங்கள் சாப்பாடு, பெட்ரோல், ஊரில் இருப்பதால் தவிர்க்க முடியாத மொய், கம்பெனி கொடுத்துவந்த மருத்துவக் காப்பீட்டுக்குப் பதிலாக நீங்களே எடுக்கவேண்டிய பாலிசி எல்லாம் சேர்த்தால் 42,000 ஆகும். இந்தக் கணக்கை உங்கள் மனைவியோடு உட்கார்ந்து போடுங்கள். இத்தனை வருடம் வீட்டை ஓட்டியவர் அவர்தான். பால் கணக்கிலிருந்து கரண்ட் பில் வரை அவர் நோட்டில் இருக்கும். காப்பீட்டை மட்டும் இப்போதே விசாரியுங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால், அது தொடர்பான சிகிச்சைக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைப்பார்கள். தள்ளிப்போட்டால் அந்தக் காலமும் தள்ளிப்போகும்.

42,000-இல் அஞ்சலக வட்டி போக, மாதம் 33,000 வரை நீங்கள் சம்பாதிக்க வேண்டும். திருச்சி மருத்துவமனையில் ஏ.சி. பராமரிப்பு வேலைக்கு 22,000 தருவதாகச் சொன்னார்கள், கௌரவக் குறைச்சலாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கை மட்டும் பாருங்கள். அந்த வேலை இல்லாவிட்டால் மாதம் 33,000 சேமிப்பிலிருந்து போகும். பற்றாக்குறைக்கென்று 5 லட்சம் ஒதுக்கினாலும் 15 மாதத்தில் காலி. வேலை இருந்தால் பற்றாக்குறை 11,000 மட்டும். அதே 5 லட்சம் 45 மாதம் தாங்கும்.

அந்த வேலையை ஒரு வருடப் பயிற்சியாகவும் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் அங்கே பார்த்தது பெரிய கட்டடங்களின் சில்லரும் டக்டும். இங்கே வீடுகளில் இருப்பது இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட். அதில் பழுது பெரும்பாலும் எலக்ட்ரானிக் போர்டில் வருகிறது. ஆர்32 வாயு தீப்பற்றக்கூடியது, கையாளும் முறையும் வேறு. இவை இரண்டையும் ஒரு குறுகிய பயிற்சியில் கற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தமாக சர்வீஸ் எடுங்கள். வாக்குவம் பம்ப், கேஜ் செட், பிரேசிங் சாமான்கள் எல்லாம் ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கும். மார்ச் முதல் ஜூன் வரை வேலை குவியும், ஐப்பசி கார்த்திகையில் போன் அடிக்காது. அதனால் கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, கிளினிக் போன்ற இடங்களில் வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் நாலைந்து பிடித்த பிறகு மருத்துவமனை வேலையை விடலாம். மைத்துனரோடு 10 லட்சம் போட்டு சூப்பர் மார்க்கெட் தொடங்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. அந்தத் தொழில் உங்கள் இருவருக்குமே தெரியாது.

இப்போது மகள். அண்ணா பல்கலைக்கழகத்தில் வளைகுடாவில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குத் தனி இடங்கள் உண்டு. அதற்காக இன்னும் ஒரு வருடம் இருக்கட்டுமா என்று கேட்டீர்கள். அதற்கு நீங்கள் அங்கே வேலையில் இருப்பதற்கான சான்று வேண்டும், கட்டணமும் கூடுதல். உங்கள் மகள் இங்கேயே படித்தவள், நல்ல மதிப்பெண் எடுக்கிறவள். பொதுக் கலந்தாய்வே போதும், இதற்காகக் காத்திருக்க வேண்டாம். தனியார் கல்லூரி, ஹாஸ்டல் என்றே வைத்துக்கொண்டாலும் நான்கு வருடத்துக்கு 7 லட்சம் ஒதுக்குங்கள். அதை நான்கு வைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் ஒன்று முதிரும்படி போடுங்கள். அரசுக் கல்லூரி கிடைத்தால் பெரும்பகுதி மிஞ்சும்.

கல்விக்கடன் தேவைப்பட்டால் வங்கி பெற்றோரின் வருமான வரிக் கணக்கைக் கேட்கும். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான், கையில் காட்ட ஒன்றும் இருக்காது. வரி வராவிட்டாலும் திரும்பிய முதல் வருடத்திலிருந்தே தாக்கல் செய்துவிடுங்கள்.

ஊரோடு வந்துவிட்டதை வங்கிக்கும் சொல்ல வேண்டும். என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றுவார்கள். இருக்கும் வைப்புகள் முதிரும்வரை அதே வட்டியில் ஓடும். ஆனால் நீங்கள் திரும்பியதிலிருந்து அந்த வட்டி வரிக்கு உட்பட்டது. சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு, அது அந்நியச் செலாவணி விதிமீறல். ஒரு வருடம் நிறையாத வைப்பை உடைத்தால் வட்டியே கிடைக்காது. ஆகவே அஞ்சலகத்தில் போட கிராஜுவிட்டியையும், முதலில் முதிரும் வைப்பையும் பயன்படுத்துங்கள். அஞ்சலகக் கணக்கை ஊருக்கு வந்த பிறகுதான் தொடங்க முடியும்.

அஞ்சலகத்துக்கு 15, படிப்புக்கு 7, மாதப் பற்றாக்குறைக்கு 5 போக 8 லட்சம் மிச்சம். கருவிகளுக்கு ஒன்றரை. மீதியிலிருந்து வருடம் ஒரு லட்சம் வீதம் பி.பி.எஃப்.பில் போட்டுவந்தால் உங்கள் 59 வயதில் அது முதிரும். மாதம் மூன்று சதவீதம் தருகிறேன் என்று யாராவது வீடு தேடி வருவார்கள். திரும்பி வந்த செய்தி ஊரில் சீக்கிரம் பரவும். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஏ.சி. சீசனுக்கு முன், ஜனவரியில் வந்து சேருவது நல்லது. விசா கேன்சல் செய்வதற்கு முன் கம்பெனியிடம் அனுபவச் சான்றிதழ் வாங்குங்கள். உங்கள் விசாவில் ‘ஹெல்பர்’ என்றுதான் இருக்கிறது. நீங்கள் பார்ப்பது சூப்பர்வைசர் வேலை. சான்றிதழில் அந்தப் பதவியும், எத்தனை டன் இயந்திரங்களைக் கவனித்தீர்கள் என்பதும், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்க வேண்டும். லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு இரண்டு பிரதி கேளுங்கள்.