வருஷப் பிறப்பு மண்டப அலங்காரம்: திரைத்துணி, பூ வளைவு, கைக்காசுக் கணக்கு (கேள்வி பதில்)

ஏப்ரல் 14 வருஷப் பிறப்புக்கு மொரீஷியஸில் பல ஊர் சமூக மண்டபங்களிலும் மேடை கட்டும் வேலை தொடங்கிவிட்டது. மண்டப அலங்காரத்தில் பழுத்த ஒரு அக்காவிடம் கேட்டவையும் அவர் சொன்னவையும் கீழே.

ரோஸ் ஹில் இளைஞர் குழு: அக்கா, எங்கள் மேடை 9 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். பின்னால் துணி கட்ட எத்தனை மீட்டர் வாங்க வேண்டும்? மொத்தப் பணமே 30,000 ரூபாய்தான்.

9 மீட்டர் மேடைக்கு 9 மீட்டர் அகலத் துணி வாங்கிப் போர்வை மாதிரி இழுத்துக் கட்டுகிறார்கள். மடிப்பே விழாது. விளக்கு போட்டதும் பின்னால் இருக்கும் சுவரும் ஜன்னல் கம்பியும் அப்படியே தெரியும். துணியின் அகலம் மேடையின் இரண்டு மடங்கு இருந்தால்தான் திரை மாதிரி நிற்கும். அப்படியானால் 18 மீட்டர். கடையில் கிடைக்கும் துணி பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கும், ஆக 12 துண்டு. ஒவ்வொரு துண்டும் 4 மீட்டர் உயரம், மேலே பைப் நுழைய 20 சென்டிமீட்டர், கீழே மடித்துத் தைக்க 10. 12 துண்டுக்கு 51.6 மீட்டர் வருகிறது. 54 வாங்குங்கள், வெட்டும்போது கோணல் போகும்.

இது கட்டுப்படியாகாது என்றால் மடிப்பைக் குறைக்காதீர்கள், அகலத்தைக் குறையுங்கள். நடுவில் 5 மீட்டருக்கு மட்டும் நல்ல மடிப்போடு துணி: 7 துண்டு, 30 மீட்டர் சொச்சம். இரண்டு பக்கமும் மிஞ்சும் 2 மீட்டரில் வாழைமரம், மூங்கில் தட்டி, குருத்தோலை. படம் எடுப்பவர்கள் நடுவைத்தான் எடுக்கிறார்கள். ஏறக்குறைய 20 மீட்டர் துணி மிச்சம்.

பணத்தை நான் பிரித்தால் இப்படி: துணியும் தையலும் 14,000, பூ 7,000, கயிறு, கேபிள் டை, துணி டேப் 3,000, வேன் 3,000, மிச்சம் 3,000 கையிருப்பு. இதை விலைப்பட்டியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எதற்கு எவ்வளவு பங்கு என்பதுதான் விஷயம். துணி பல வருஷம் வரும், பூ மறுநாள் குப்பைக்குப் போகும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், திரும்பத் திரும்பச் சொல்வேன். குத்துவிளக்கைத் திரையை ஒட்டி வைக்காதீர்கள். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும், சொட்டு விழுந்த இடத்திலும் பற்றும். விளக்கு மேடையின் முன் ஓரத்தில் இருக்கட்டும். திரைக்கும் அதற்கும் இரண்டு மீட்டராவது வேண்டும்.

த்ரியோலே அம்மா ஒருவர்: காவடிக்கு வாங்கின ரோஸ் நிறத் துணி நிறைய மிச்சம் இருக்கிறது. அதையே திரையாகக் கட்டலாமா?

யார் மேடையில் ஏறப் போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். பரதநாட்டியப் பிள்ளைகள் பலர் சிவப்பும் ரோஸும் உடுத்தி வருவார்கள். ரோஸ் திரை முன்னால் முகமும் கையும் மட்டும் தெரியும், உடம்பு திரைக்குள் போய்விடும். வெளிர் கிரீம், மங்கின பச்சை, இருண்ட நீலம் நன்றாக எடுத்துக் கொடுக்கும். உங்கள் ரோஸ் துணியை நாற்காலி முடிச்சுக்கும் வாசல் தூணுக்கும் சுற்றுங்கள், வீணாகாது.

வாக்வா: துணி கசங்கி வந்தால் என்ன செய்வது?

முந்தின சாயங்காலமே தொங்கவிடுங்கள். இரவில் பாதி மடிப்புத் தானாக இறங்கிவிடும். மிச்சத்துக்குக் கை நீராவிப் பெட்டியைப் பின்பக்கமிருந்து பிடியுங்கள். முன்பக்கம் பிடித்தால் தண்ணீர்க் கறை விழும்.

கத்ர் போர்ன்: பைப் எது? பி.வி.சி. பைப் இருக்கிறது, அது போதும் என்கிறார் மாமா.

மாமா பாதி சரி. துணிக்கு அதிக எடை கிடையாது. மீட்டருக்கு மீட்டர் 150 கிராம் துணி என்றால் 9 மீட்டர் மேடை முழுமைக்குமே 12 கிலோ சுமார்தான். பி.வி.சி. அதைத் தாங்கும். ஆனால் 3 மீட்டர் இடைவெளியில் நடுவில் வளைந்து தொங்கும், கீழ் ஓரமும் அலை மாதிரி ஏறி இறங்கும். அலுமினியம் அல்லது இரும்பு பைப் மூன்று, தாங்க நான்கு தூண்.

எடையைவிடப் பெரிய பிரச்சினை காற்று. மண்டபக் கதவு இரண்டும் திறந்தால் அந்தத் திரை கப்பல் பாய் விரித்த மாதிரி காற்றைப் பிடிக்கும். தூணின் அடியில் 15 கிலோ மணல் பையாவது போடுங்கள், பைப்பின் இரண்டு முனையையும் சுவர்க் கொக்கியில் கயிறால் பின்னால் இழுத்துக் கட்டுங்கள். தூண் ஆடுகிறதா என்று பார்க்க ஒரே வழி: கதவைத் திறந்துவைத்துப் பத்து நிமிஷம் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து மேல் பைப்பையே பாருங்கள். பைப் அசைந்தால் கயிறு போதாது.

ஒரு அண்ணன்: எங்கள் கோயில் தேருக்கு அலங்காரம் எப்படி?

தேர் என் வேலை இல்லை, அண்ணே. கோயில் சிற்பிகளிடமும் குருக்களிடமும் கேளுங்கள்.

பொ பாசேன் மாணவி: வாசலில் செண்டுமல்லி வளைவு வைக்க ஆசை. எவ்வளவு பூ வேண்டும் என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை.

நல்ல கேள்வி தங்கச்சி. வளைவு 2.4 மீட்டர் அகலம், இரண்டு பக்கக் கால் தலா 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள். மேல் அரைவட்டம் 3.8 மீட்டர் சுமார், கால்களோடு மொத்தம் 6.8. பச்சைத் தழை சுற்றின பிறகு கம்பம் 15 சென்டிமீட்டர் பருமன் இருக்கும். சரத்தை அதன் மேல் 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுச் சுற்றினால், ஒரு மீட்டர் வளைவுக்கு ஏறக்குறைய 3.3 மீட்டர் சரம் பிடிக்கும். 6.8 மீட்டருக்கு 22 மீட்டர் சரம். பெரிய பூவாக இருந்தால் மீட்டருக்கு 20, ஆக 450 பூ. கழிவு சேர்த்து 500 சொல்லு. இடைவெளியே இல்லாமல் முழுக்கப் பூவாக வேண்டும் என்றால் இதைப்போல மூன்று மடங்கு. உன் காசு அங்கேதான் ஓடும். இடைவெளியில் பெரணி, மாவிலை செருகு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

காம்பைக் கிள்ளிவிட்டு, கோணி ஊசியால் அடிப்பகுதி வழியாகக் கோர்க்க வேண்டும். கோர்க்கும்போது பூவில் ஈரம் இருக்கக் கூடாது. வாடாமல் இருக்கட்டும் என்று தண்ணீர் தெளித்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதுதான் எல்லோரும் செய்வது. குவிந்த பூ உள்ளுக்குள் சூடேறும், காலையில் பையைத் திறந்தால் நடுவில் பழுப்பு, ஒரு மாதிரி புளித்த வாடை. கூடையில் பரப்பி, மேலே ஈரத்துணி போட்டு, குளிர்ந்த மூலையில் வை.

அதே மாணவி: அந்தூரியமும் சேர்த்தால்? ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாமா?

சேர், நம் நாட்டில் விளையும் பூ, தண்ணீரில் நின்றால் இரண்டு வாரத்துக்கு மேலும் தாங்கும். ஃப்ரிட்ஜ் மட்டும் வேண்டாம். 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் அதற்குக் குளிர் ஆகாது, சிவப்பு மடல் கருநீலமாகித் திட்டுத் திட்டாகும். ரோஜாவுக்கு ஒத்துவருவது அந்தூரியத்துக்கு ஒத்துவராது. வாளித் தண்ணீரில் நிழலில் நிறுத்து.

க்யூர்ப்பிப்: பூ ஸ்பாஞ்சில் குத்தின பூ மதியத்துக்கே தொங்கிவிட்டது, ஏன்?

ஸ்பாஞ்சைக் கையால் அமுக்கி ஊறவைத்திருப்பீர்கள். தண்ணீரில் போட்டுவிட்டுத் தொடாமல் விடுங்கள், தானாக மூழ்கட்டும். அமுக்கினால் நடுவில் காய்ந்தே இருக்கும், காம்பு அங்கேதான் போய் நிற்கும். ஒருமுறை காய்ந்த ஸ்பாஞ்சு மறுபடி ஊறாது. வாளிக்குள் கோழி வலையைச் சுருட்டிச் செருகித் தண்ணீர் ஊற்றினால் ஸ்பாஞ்சே தேவையில்லை.

போர்ட் லூயிஸ் கடைக்காரர் ஒருவர்: இவ்வளவு கஷ்டம் எதற்கு? பிளாஸ்டிக் பூ ஒருமுறை வாங்கினால் ஐந்து வருஷம். தண்ணீர் வேண்டாம், வாடாது.

ஒரு வகையில் சரிதான், அண்ணே. மண்டபத்தின் கூரை ஓரம், யாருக்கும் கைக்கு எட்டாத உயரம், அங்கே பிளாஸ்டிக் வைத்தால் நானே எதிர்க்க மாட்டேன். வெயில் படும் வாசலில் நிறம் போய்விடும். தூசி தட்ட ஆள் கிடைக்காது. விளக்குப் பக்கம் வைத்தால் துணிக்குச் சொன்ன அதே ஆபத்து.

ஒரு தாத்தா: மங்கலக் காரியத்துக்குப் பிளாஸ்டிக்கா? அந்தக் காலத்தில் மூங்கில் நட்டு ஓலை வேய்ந்து சால் வெர்ட் பந்தல் போடுவோம், ஊரே கூடிக் கட்டும். குருத்தோலைத் தோரணம் பின்னாத வீடு கிடையாது.

கடைக்காரர்: இப்போது குருத்தோலை வெட்ட மரம் ஏற ஆள் எங்கே, தாத்தா? நீங்கள் ஏறுவீர்களா?

தாத்தா: பிள்ளைகளுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தால் ஆள் வரும்.

ஒருவர்: என் மகள் கல்யாணத்தில் எல்லாம் பிளாஸ்டிக், போட்டோவில் யாரும் கண்டுபிடிக்கவில்லை!

கல்யாணம் வேறு, இது ஊர்ப் பணம். தாத்தா சொல்வதும் சும்மா பழம்பெருமை இல்லை. குருத்தோலை செலவு குறைவு, முந்தின நாள் வெட்டினால் விழா முழுக்க வெளிர் மஞ்சளாக நிற்கும், பிறகு மண்ணோடு மண்ணாகும். கடைக்காரர் கேட்ட ஆள் பிரச்சினையும் உண்மைதான். ஒரு குருத்தை வெட்டும்போது மரத்தின் நடுமுனையைச் சேதப்படுத்தினால் மரமே போய்விடும், தெரிந்தவர்தான் ஏற வேண்டும். இதற்கு இங்கே முடிவு வராது, அடுத்த கேள்வி.

பெயர் சொல்லாதவர்: அக்கா, 8 மீட்டர் மேடைக்கு எத்தனை மீட்டர் துணி?

முதல் பதிலைப் பாருங்கள். 9-ஐ 8 ஆக்குங்கள்.

வேறொருவர்: 7 மீட்டர் மேடைக்கு...

அதே பதில்.

ரோஸ் ஹில் குழு மறுபடி: துணி வாங்கப் போகிறோம். நெருப்புப் பிடிக்காத துணி என்று கடையில் சொல்கிறார்கள், எப்படி நம்புவது?

ஒரு சிறு துண்டு கேட்டு வாங்குங்கள். வெளியே, சிமெண்டுத் தரையில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு, இடுக்கியால் பிடித்து அடி ஓரத்தில் தீக்குச்சி காட்டுங்கள். தீயை எடுத்ததும் தானே அணைந்தால் பரவாயில்லை. எடுத்த பிறகும் எரிந்துகொண்டே மேலே ஏறினாலோ, எரியும் சொட்டு விழுந்தாலோ வாங்காதீர்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் வேறு கடை பாருங்கள். அணைந்த துணியாக இருந்தாலும் குத்துவிளக்கு தள்ளித்தான்.

அவர்களே: திரை பின் கதவை மறைக்கிறது. சும்மா மூடியே இருக்கும் கதவுதானே?

அது அவசர வழி. அதன் முன்னால் வரும் ஒரு துண்டை மட்டும் பக்கத்துத் துண்டோடு தைக்காமல் விடுங்கள், தள்ளினால் திறக்கட்டும். மேலே பச்சை எழுத்துப் பலகை தெரியும்படி பைப்பை இறக்குங்கள். அடியில் மணல் பை எதுவும் அந்த வழியில் கிடக்கக் கூடாது. மண்டபக் காவலாளியை அழைத்து அவர் கையாலேயே திறந்து பார்க்கச் சொல்லுங்கள், முந்தின நாளே.