பொருத்துக கேள்வில நாலு ஜோடியும் தெரியலன்னா எப்படி போடுறது?

நாலும் தெரியணும்னு இல்லங்க, கண்ண மூடிட்டு சொல்ற அளவுக்கு உறுதியா தெரிஞ்ச ஒரு ஜோடிய முதல்ல புடிங்க.

வைட்டமின் ஏ, பி1, சி, டி இந்த வரிசைல இருக்கு, எதிர்ல 1. ஸ்கர்வி 2. ரிக்கெட்ஸ் 3. மாலைக்கண் 4. பெரிபெரி.

அ) 3 4 1 2
ஆ) 4 3 1 2
இ) 3 2 1 4
ஈ) 3 1 4 2

சி-ன்னா ஸ்கர்வி, இது பலருக்கும் தெரியும், அப்போ மூணாவது இடத்துல 1 இருக்கணும், ஈ மட்டும்தான் அவுட்டு. இங்கதான் நெறைய பேரு அடுத்து எது தெரியும்னு யோசிச்சு டைம வீணாக்குறாங்க, அதுக்கு பதிலா மிச்சமிருக்க ஆப்ஷன்ஸ் எந்த இடத்துல வேறுபடுதுன்னு பாருங்க. டி-க்கு ரிக்கெட்ஸ்னு தெரிஞ்சா கடைசி இடம் 2, இ போயிடும். அ, ஆ ரெண்டுக்கும் இப்ப வித்தியாசம் முதல் ரெண்டு இடம்தான், ஏ-க்கு மாலைக்கண்ணா பெரிபெரியான்னு மட்டும் கேட்டா போதும், மாலைக்கண், சோ விடை அ. பி1 பத்தி யோசிக்கவே இல்ல பாருங்க.

நீங்க ஃபிக்ஸ் பண்ண ஜோடிங்க எந்த ஆப்ஷன்லயும் சேந்து வரலன்னா அதுல ஒண்ணு தப்பு, இல்ல வரிசைய மாத்தி படிச்சிருக்கீங்க (எனக்கு ரெண்டாவதுதான் அடிக்கடி நடக்கும்). வலது பக்கம் அஞ்சு இருந்தா மட்டும் உஷார், மூணு ஜோடி போட்டப்புறமும் ரெண்டு மிச்சம் நிக்கும், அப்போ ஆப்ஷன பாத்துதான் முடிவு பண்ணணும்.