நடுப்பகுதி ஒன்று, தலையும் வாலும் வேறு

கேள்வி: பள்ளிக்கூட்டம், கோவில், தொழில் வகுப்பு என்று போகிற இடமெல்லாம் என்னைப் பற்றி ஒரு நிமிடம் பேசச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுத வேண்டுமா?

வேண்டாம். சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறேன். எல்லா இடத்துக்கும் எனக்கு இந்த நான்கு வாக்கியம்தான்:

"அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய பழைய கால் மெஷினில்தான் ஜாக்கெட் தைக்கப் பழகினேன். இப்போது வீட்டு முன்கூடத்தில் எட்டு மெஷின் வைத்து வாரம் மூன்று நாள் கற்றுக்கொடுக்கிறேன். ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாமல் வருகிறவர்கூட மூன்று மாதத்தில் தன் ஜாக்கெட்டைத் தானே அளவெடுத்து, வெட்டி, தைத்துவிடுவார்."

இதில் என் பெயர் இல்லை, கவனித்தீர்களா? முன்பு இருந்தது. நிகழ்ச்சி நடத்துபவர் என் பெயரைச் சொல்லி அழைத்த மறுநொடியே நானும் அதையே சொல்வேன், கூட்டம் சிரிக்கும். அதனால் பெயரைத் தொடக்கத்துக்கு நகர்த்திவிட்டேன். ஏற்கனவே சொல்லிவிட்டார்கள் என்றால் விட்டுவிடலாம். "உங்கள்", "இங்கே", "இன்று" போன்ற சொற்களும் நடுப்பகுதியில் கூடாது. ஒரு கூட்டத்துக்கென்று எழுதியது அந்தச் சொற்கள் வழியாகத்தான் அடுத்த கூட்டத்துக்கு ஒட்டிக்கொண்டு வரும்.

தொடக்கம், நான் ஏன் அந்த இடத்தில் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளி பெற்றோர் கூட்டத்தில், "மூன்றாம் ஆண்டில் படிக்கும் பெண்ணின் அம்மா நான்" என்று ஆரம்பிப்பேன். முடிவில், "ஆண்டு விழா நடன உடைகளைத் தைக்க இரண்டு பேர் கைகொடுத்தால் போதும்" என்பேன். மலாய் மொழியில் நடக்கும் தொழில் வகுப்பிலும் அதே நான்கு வாக்கியம்தான், மலாயில். 'பெனோரே கெத்தா' என்று அம்மாவின் வேலையைச் சொன்னதும் பின்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் அசையும். அங்கே மொத்த விலையில் துணி எங்கே கிடைக்கும் என்ற கேள்வியோடு முடிப்பேன்.

முடிவில்தான் நான் ஒருமுறை வசமாக மாட்டினேன். கோவில் திருவிழாக் கூட்டத்துக்கான தொடக்கத்தைத் தயார் செய்துவிட்டு, முடிவை எழுதாமல் போனேன். நடுப்பகுதி முடிந்ததும் நாக்கு பழகின வழியிலேயே ஓடி, "இந்த மாதம் சேர்ந்தால் 20 ரிங்கிட் கழிவு" என்றேன். முன்வரிசைப் பெரியவர் மெதுவாக, "சாமி காரியத்துல வியாபாரமாம்மா?" என்றார். மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அதிலிருந்து முடிவைத்தான் முதலில் எழுதுகிறேன். இந்தக் கூட்டத்திடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்தால் தொடக்கம் தானாக வரும். கோவிலுக்கு இப்போது, "அம்மனுக்குச் சாத்தும் புடவைக்கு ஓரம் அடிக்கணும்னா கொடுங்க, கூலி வேண்டாம்." வகுப்பைப் பற்றி அங்கே பேசுவதில்லை, கேட்கிறவர்கள் வெளியே செருப்பு போடும்போது கேட்டுக்கொள்கிறார்கள்.

அப்புறம், நடுப்பகுதியும் பழசாகும். போன மாதம் எட்டாவது மெஷின் வந்த பிறகும் பள்ளியில் "ஆறு" என்று சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் மகள்தான் திருத்தினாள்.